வில்லுப்பாட்டு மாமாவின் போட்டோவை நிழல்பாவையாக வெட்டுவது: கை மூட்டை எங்கே, எப்படிப் பிரிப்பது?

கொக்கிரகுளத்துக்காரி | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமா ஊர் ஊராகக் கோயில் கொடைக்குப் போய் வில்லுப்பாட்டு பாடியவர். முழங்கால் வலியால் இப்போது சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார முடியவில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் உருவத்தையே கறுப்பு அட்டையில் வெட்டி, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, இசக்கியம்மன் கதையில் ஒரு பகுதியை நிழலாட்டமாகக் காட்டலாம் என்று நினைத்தேன். குரலுக்குப் பழைய பதிவு இருக்கிறது.

பாவையின் தோள், முழங்கை இரண்டும் அசைய வேண்டும். வீசுகோலை ஓங்கி நாணில் அடிப்பது தெரிய வேண்டும். வேறெதுவும் அசையாவிட்டாலும் பரவாயில்லை.

மேடையில் எடுத்த ஒரு நல்ல போட்டோ இருக்கிறது. நேர் முன்னாலிருந்து எடுத்தது. வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு, முன்னால் வில், குடம். அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். மாமா ஒரு கறுப்புக் கட்டியாக வந்தார், அதிலும் சட்டை பாதி காணவில்லை. கை எது, உடம்பு எது என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சேர்மாதேவி_01 | ஞாயிறு இரவு

இது பெரிய வேலை இல்லை அக்கா. படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு அப்புறம் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும், அவ்வளவுதான். மங்கலாக்காமல் செய்தால் மயிர், துணி மடிப்பு எல்லாம் முள் முள்ளாக நிற்கும். கிம்ப் இருந்தால் `Filters > Blur > Gaussian Blur`, பிறகு `Colors > Threshold`. ஒரே வரியில் வேண்டுமென்றால் இமேஜ்மேஜிக்:

```
magick mama.jpg -colorspace Gray -blur 0x8 -threshold 45% mama.png
```

45 என்பதை ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஒரு இடத்தில் சரியாக உட்காரும். பிறகு முழங்கையில் குறுக்கே ஒரு வெட்டு, தோளில் ஒரு வெட்டு. துண்டுகளைக் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி வைத்துப் பின் குத்திவிட்டால் கை ஆடும்.

களக்காட்டுத் தாத்தா | திங்கள் காலை

பாவை கறுப்பாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது அம்மா? நான் சின்ன வயதில் பார்த்த தோல்பாவைக்கூத்தில் எல்லாமே நிறம். ஆட்டுத் தோலை ஊறவைத்து, மயிரைச் சுரண்டி எடுத்து, விளக்கொளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, சிவப்பும் பச்சையும் ஏற்றுவார்கள். திரையில் ராமர் வந்தால் பச்சையாகவே வருவார். உளியால் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டு நகை காட்டுவார்கள். கறுப்பு அட்டை போட்டால் மாமா முகம் எப்படித் தெரியும்? தோல் எங்கே கிடைக்கும் என்று வேண்டுமானால் விசாரித்துச் சொல்கிறேன்.

தென்காசி அட்டைவெட்டு | திங்கள் மதியம்

தாத்தா சொல்வது உண்மை. நம் பக்கத்துத் தோல்பாவை ஒளி புகும் பாவைதான், அதில் முகமும் நகையும் நிறத்தாலும் துளையாலும் தெரியும். ஆனால் இவர் கேட்பது வேறு வகை. ஒளி புகாத பாவையும் நம் நாட்டில் உண்டு. ஒடிசாவின் ராவணச்சாயா பாவைகளுக்கு நிறம் கிடையாது, மூட்டும் கிடையாது. ஒரே தோல் துண்டில் வெட்டிய உருவம், விளிம்பு ஒன்றை வைத்தே ஆளை அடையாளம் காட்டுவார்கள். கொக்கிரகுளத்து அக்காவின் வேலையும் விளிம்பை நம்பியதுதான், கூட மூட்டும் சேர்கிறது. பள்ளி நாடகங்களுக்கு இப்படி அட்டைப் பாவை வெட்டித் தருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் போட்டோ. சேர்மாதேவித் தம்பி சொன்ன மங்கலாக்கும் யோசனை நல்லது, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் அது உதவாது. கணினி ஆளைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. மாமாவின் வெள்ளைச் சட்டையும் பின்னால் இருக்கும் வெளிச்சமான சுவரும் அதற்கு ஒன்றுதான். எண்ணைக் கூட்டினால் சட்டையோடு சுவரும் கறுப்பாகும், குறைத்தால் சுவரோடு சட்டையும் போய்விடும். சரியான எண் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

ஆகவே புதிதாக எடுங்கள். மாமா தரையில் உட்கார வேண்டாம், ஒரு ஸ்டூலில் உட்காரட்டும். மாலை வெயில் சாய்ந்தபின் மொட்டை மாடியில், அவருக்குப் பின்னால் வெறும் வானம் மட்டும் வரும்படி வையுங்கள். கேமரா அவர் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். போன் திரையில் வானத்தைத் தொட்டால் வெளிச்சம் வானத்துக்குச் சரியாகி, மாமா முழுதும் இருட்டாக விழுவார். சட்டை வெள்ளையாக இருந்தாலும் கவலையில்லை. நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்றால் முன்னால் நீட்டிய கை பூதாகரமாக வரும்.

இரண்டு படம் வேண்டும். ஒன்றில் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்து உடம்பு மட்டும். இன்னொன்றில் வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, உள்ளங்கையில் வீசுகோலைப் பிடித்தபடி. கை கேமரா பக்கம் வராமல் கதவு திறந்ததுபோல் பக்கவாட்டிலேயே போக வேண்டும். பாடும்போது எடுத்த படத்தில் கை பாதி நம்மை நோக்கி இருக்கும். அந்தக் கையை வெட்டினால் தோளிலிருந்து முழங்கை வரை குட்டையாகிவிடும், ஆட்டும்போது ஊனமான கைபோல் தெரியும்.

கொக்கிரகுளத்துக்காரி | திங்கள் இரவு

அண்ணாச்சி, மிக்க நன்றி. கையைத் தனிப் படத்தில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். முகம் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் மாமாவைப் பக்கவாட்டில் உட்கார வைத்து எடுக்கட்டுமா? நேர் முகம் எடுத்தால் பானை மாதிரி வட்டமாக வருகிறது.

பேட்டை லேசர் | திங்கள் இரவு

இடையில் நுழைகிறேன். என் மகள் பரதநாட்டிய போட்டோவை இப்படித்தான் வெட்டக் கொடுத்தேன். கடையில் லேசர் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை வெட்டியது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, நடுவில் நூல்போல் ஒரு துண்டு தொங்கியது. மூட்டெல்லாம் நான் வைக்கவில்லை. அது ஏன் என்று யாருக்காவது தெரியுமா?

தென்காசி அட்டைவெட்டு | திங்கள் இரவு

பேட்டை அண்ணாச்சி, இன்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap` போகும்போது `Edge detection` தேர்ந்திருப்பீர்கள். அது விளிம்பை ஒரு தடித்த கோடாக எண்ணி, கோட்டின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு எல்லை போடும். லேசர் இரண்டையும் வெட்டும். `Brightness cutoff` தேர்ந்தால் கறுப்புப் பரப்புக்கு ஒரே எல்லைதான் வரும். பிறகு `Path > Simplify` ஒருமுறை கொடுங்கள், இரண்டாம் முறை கொடுத்தால் மூக்கு மழுங்கிவிடும்.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுப் பக்கவாட்டு வேண்டாம். வில் பார்ப்பவர்களுக்கு இடமிருந்து வலமாக நீளமாகக் கிடக்க வேண்டும். மாமா அதன் பின்னால் நம்மைப் பார்த்து உட்காருகிறவர். அவரைப் பக்கவாட்டில் எடுத்து, காட்சியையும் அப்படியே வைத்தால் வில்லின் முனை மட்டும் ஒரு புள்ளியாகத் தெரியும், வில்லுப்பாட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனவே கலந்து செய்யுங்கள். வில்லும் குடமும் நேர் முன்பக்கம், உடம்பு சற்றுத் திரும்பியது, தலை மட்டும் முழுப் பக்கவாட்டு. உண்மையில் யாரும் அப்படி உட்காருவதில்லை, ஆனால் நிழலில் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. தலைக்கு ஒரு தனிப் படம் எடுத்து, கழுத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாடைக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு வெளிச்சச் சந்து இருக்கட்டும். இல்லாவிட்டால் கழுத்தே இல்லாத மாமா வருவார்.

கொக்கிரகுளத்துக்காரி | வியாழன் இரவு

படங்கள் எடுத்தாயிற்று. வானத்தைத் தொட்டு எடுத்ததும் ஆச்சரியமாக இருந்தது, மாமா அப்படியே கறுப்பாக வந்துவிட்டார். தம்பி சொன்ன அதே வரியில் போட்டேன், இம்முறை 45இலேயே உட்கார்ந்தது. உட்கார்ந்த உருவம் தலை முதல் இடுப்பு வரை 36 செ.மீ. வரும்படி அளவு வைத்தேன்.

ஆனால் மூட்டில் மாட்டிக்கொண்டேன். தம்பி சொன்னபடி முழங்கையில் குறுக்கே நேராக வெட்டி, ஒரு செ.மீ. மேலேற்றிப் பின் குத்தினேன். கை நேராக இருக்கும்போது நன்றாக இருக்கிறது. மடக்கினால் முழங்கையின் வெளிப்பக்கத்தில் முக்கோணமாக ஒரு வெளிச்சம் பிளக்கிறது. உள்பக்கத்தில் வெட்டிய மூலை வெளியே துருத்துகிறது. கை முறிந்தது போல் இருப்பதாகப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

சேர்மாதேவி_01 | வியாழன் இரவு

மன்னிக்க வேண்டும் அக்கா, நேர் வெட்டு என் தவறு. இரண்டு முனையையும் வட்டமாக வையுங்கள். வட்டம் பெரிதாக இருந்தால் இன்னும் பத்திரம், கையைவிட ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசி அட்டைவெட்டு | வெள்ளி காலை

வட்டம் சரி தம்பி, ஒன்றரை மடங்கு வேண்டாம். முழங்கையில் எலுமிச்சம்பழம் ஒட்டியது போல் வீங்கித் தெரியும்.

இது கண்ணளவில் செய்ய வேண்டிய காரியம் இல்லை, கணக்கே இருக்கிறது. முழங்கை எங்கே மடங்குகிறதோ அந்த இடத்தில் கையின் குறுக்களவை எடுங்கள். உங்கள் அளவில் ஏறத்தாழ 3.4 செ.மீ. இருக்கும். அதே 3.4 விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள், அது கையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொட்டு நிற்க வேண்டும். இப்போது மேல்கையும் முன்கையும் தனித்தனியாக வெட்டும்போது, *இரண்டிலும்* அந்த முழு வட்டம் இருக்க வேண்டும். மேல்கை வட்டத்தோடு முடிகிறது, முன்கை அதே வட்டத்தோடு தொடங்குகிறது. பின் குத்துவது வட்டத்தின் நட்ட நடுவில். வட்டத்தை நடுப்புள்ளியில் எவ்வளவு சுற்றினாலும் அது அதே வட்டம்தானே? அதனால் கை எந்தக் கோணத்தில் இருந்தாலும் வெளிப்பக்கம் பிளக்காது, மூலையும் துருத்தாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் எல்லா மூட்டும் பிடிபடும்.

இன்க்ஸ்கேப்பில், முழுக் கையை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பத்திரமாக இருக்கட்டும். ஒரு பிரதியில் முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, இரண்டையும் தேர்ந்து `Path > Intersection`. கிடைத்த முன்கையையும் வட்டத்தின் ஒரு பிரதியையும் தேர்ந்து `Path > Union`. மேல்கைக்கும் அப்படியே. வெட்டுவதற்கு முன் திரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். முன்கையை ஒருமுறை சொடுக்கித் தேர்ந்து, சற்று விட்டு மறுபடி ஒருமுறை சொடுக்கினால் நடுவில் ஒரு சிலுவைக் குறி வரும், அதை வட்டத்தின் நடுவுக்கு இழுத்து வைத்துவிட்டுச் சுழற்றுங்கள். எங்காவது வெளிச்சம் பிளந்தால் அங்கேயே தெரிந்துவிடும், அட்டை வீணாகாது.

தோளில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மேல்கையின் வட்டம் உடம்பின் கறுப்புக்குள் மறைந்துவிடும். ஆகவே உடம்பில் வட்டம் தேவையில்லை, கையில் மட்டும் போதும். ஆனால் உடம்புப் படத்தில் தோள் முழுதாக இருக்க வேண்டும். கை இருந்த இடத்தில் குழி விழுந்திருந்தால் கையை இறக்கும்போது அந்தக் குழியில் வெளிச்சம் வரும். போட்டோவில் இல்லாத தோளை நீங்களே வரைந்து நிரப்புங்கள். அரைக்கைச் சட்டை இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சட்டைக்கை தொளதொளவென்று இருந்தால் தோள் மூட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். முன்கை மேல்கையோடு ஒட்டுமளவு மடங்கினால் இரண்டும் ஒரே கட்டியாகிவிடும். நடுவில் ஒரு விரல் வெளிச்சம் இருக்கும் வரைதான் மடக்கலாம். மேல்கையின் பின்பக்கத்தில் ஒரு சிறு அட்டைத் தடை ஒட்டினால் அதற்கு மேல் போகாது.

பனங்கருக்கு | வெள்ளி மாலை

என் அம்மா வழியில் வில்லுப்பாட்டுக் குழு இருந்தது, அதனால் ஒன்று சொல்கிறேன். மூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், நாண் தெரியுமா? வில்லின் வளைவு கீழே, நாண் மேலே. மாமா அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியும் கறுப்பு, நாணும் கறுப்பு. வீசுகோல் நாணில் விழும் இடமே இருட்டுக்குள் போய்விடுமே? நாணில் அடி விழுவது தெரியாவிட்டால் அவர் கையை வீணாக ஆட்டுவது போல் அல்லவா இருக்கும்?

தென்காசி அட்டைவெட்டு | வெள்ளி இரவு

நான் யோசிக்காத இடம். சரியாகப் பிடித்தீர்கள்.

இரண்டு வழி தோன்றுகிறது. ஒன்று, மாமாவை உயர்த்துவது. சம்மணமிட்ட காலை முழுதும் விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழ் வில்லும் குடமும் மட்டும் வைப்பது. குடம் நடுவில் நிற்கும், அதன்மேல் உடம்பு வந்து உட்காரும். நாணுக்கும் வில்லுக்கும் இடையில் குடத்தின் இரு பக்கமும் முழு வெளிச்சம் கிடைக்கும். வீசுகோல் நடுவில் விழாமல் ஒரு சாண் தள்ளிப் பக்கத்தில் விழும்படி வையுங்கள். இன்னொன்று, மடியை வைத்துக்கொண்டு, நாணுக்கு மேலும் கீழும் 3 மி.மீ. வெள்ளைச் சந்து வெட்டுவது. அப்போது நாண் கறுப்புக்குள் ஒரு கோடாகத் தெரியும். ஆனால் அட்டை அங்கே பலவீனமாகும்.

நாணை 4 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். வில்லை உண்மை விகிதத்தில் வைத்தால் திரையே போதாது, 70 செ.மீ. அளவில் சுருக்குங்கள், யாருக்கும் உறுத்தாது. வில்லில் கட்டிய மணிகளைப் போட்டோவிலிருந்து எடுக்காதீர்கள். மங்கலாக்கும்போது அவை வில்லோடு கரைந்துவிடும். கையால் வரையுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. அகலம், இடையில் அரை செ.மீ.க்குக் குறையாத வெளிச்சம். பத்து மணி இருந்தால் ஐந்து போதும்.

பனங்கருக்கு | வெள்ளி இரவு

காலை விடுவது எனக்குச் சம்மதமில்லை. சம்மணம் இல்லாமல் வில்லுப்பாட்டுக்காரர் இல்லை. முழங்கால் இரண்டும் வில்லுக்குப் பின்னால் இரு பக்கமும் விரிந்து தெரிய வேண்டும். அதைப் பார்த்துத்தான் எனக்கு என் தாத்தா ஞாபகம் வரும்.

களக்காட்டுத் தாத்தா | சனி காலை

அதற்குத்தான் நான் துளை சொன்னேன். மடியில் வேட்டி மடிப்பை உளியால் கோடு கோடாகத் துளையிட்டால் மடியும் இருக்கும், பின்னால் வெளிச்சமும் இருக்கும், நாணும் தெரியும். தோலில் செய்வதை அட்டையில் செய்ய முடியாதா?

கொக்கிரகுளத்துக்காரி | ஞாயிறு இரவு

தாத்தா சொன்னதையே செய்தேன்! மடியில் விசிறி போல் ஏழு மடிப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம். நாண் அவற்றைக் குறுக்கே கடக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு. தொடர்ச்சியான கோடாக இல்லாவிட்டாலும் கண் அதை நாணாக எடுத்துக்கொள்கிறது. முழங்காலும் இருக்கிறது. மாமா பார்த்துவிட்டு, "வேட்டியைச் சரியா மடிச்சிருக்கே" என்றார்.

முழங்கை வட்டமும் வேலை செய்கிறது, எந்தக் கோணத்திலும் பிளக்கவில்லை. இப்போது வேறு சிக்கல். திரையில் உடம்பு கூர்மையாக இருக்கிறது, முன்கையும் வீசுகோலும் மட்டும் மங்கலாக, இரண்டு நிழலாகத் தெரிகின்றன. வீட்டு டியூப் லைட்டைப் படுக்க வைத்துப் பின்னால் வைத்திருக்கிறேன். பித்தளைப் பின்தான், தலை உருண்டையாகவும் கால் இரண்டாகவும் விரியுமே, அது.

தென்காசி அட்டைவெட்டு | ஞாயிறு இரவு

டியூப் லைட்தான் காரணம். பின்னின் தலையும் மடக்கிய காலும் சேர்ந்து முன்கையைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துகின்றன. மெல்லிய வீசுகோல் வளைந்து இன்னும் தள்ளிப் போயிருக்கும். இரண்டு செ.மீ. என்று வைப்போம். விளக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால், நிழல் விளிம்பின் மங்கல் விளக்கின் அளவை 75ஆல் வகுத்தால் வருவது. நாலடி டியூப் 120 செ.மீ., ஆக நீளவாட்டில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் மங்கல். வீசுகோலே அவ்வளவு பருமன் இல்லையே! ஆறு செ.மீ. குண்டு பல்பு போட்டால் அதே இடத்தில் ஒரு மி.மீ.க்கும் குறைவு. இரண்டு நிழல் தெரிந்தால் அறையில் இன்னொரு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

பின்னுக்குப் பதில் தூண்டில் நரம்பு போடலாம். 2 மி.மீ. துளையில் நரம்பை விட்டு, முனையைத் தீக்குச்சியில் காட்டினால் உருகிச் சின்ன மணியாக நிற்கும். நரம்பு மெலிதாக இருந்தால் துளையை ஊசியளவுக்குச் சின்னதாக வையுங்கள், இல்லாவிட்டால் மணி நழுவிவிடும். அட்டை கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும்.

சேர்மாதேவி_01 | ஞாயிறு இரவு

நரம்பு சீக்கிரம் தளர்ந்துவிடாதா அண்ணாச்சி? பித்தளைப் பின்னில் இறுக்கமாவது நம் கையில் இருக்கிறது. இறுக்கினால் ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கும்.

தென்காசி அட்டைவெட்டு | திங்கள் காலை

நிற்கும், ஆனால் வீசுகோல் விழும் வேகம் போய்விடும். எனக்கு மூட்டு தொளதொளவென்று இருந்து, மணிக்கட்டில் கட்டிய ஒரு மூங்கில் குச்சி மட்டுமே கையை ஆள வேண்டும். ஆட்டுகிறவர் கை பழகியதைப் பொறுத்து மாறும், இரண்டையும் ஒவ்வொரு கையில் போட்டுப் பாருங்கள் அக்கா.

கொக்கிரகுளத்துக்காரி | புதன் இரவு

குண்டு பல்பு போட்டதும் வீசுகோல் தெளிவாகிவிட்டது. இரண்டாவது நிழல் அடுக்களை விளக்கு. வலது கைக்கு நரம்பு, இடது கைக்குப் பின். குச்சிக்கு மூங்கில் கிடைக்கவில்லை, தென்னை ஈர்க்கு இரண்டைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். மெதுவான பாட்டுக்குத் தாங்குகிறது, வேகமாக அடித்தால் ஈர்க்கு வளைந்து அடி தாமதமாக விழுகிறது. சைக்கிள் கம்பி போட்டால் கனம் கையை இழுத்துவிடுமா? யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பேட்டை லேசர் | புதன் இரவு

அக்கா, அந்த மடிப்புக் கோடு கோப்பை எனக்கும் அனுப்ப முடியுமா? மகளின் நாட்டியப் புடவைக்கு விசிறி மடிப்பு அப்படியே பொருந்தும். இந்த முறை `Brightness cutoff`தான்.